1 விழும் வரிகளை மட்டும் எழுதுங்கள்

"பாய்லரில் மூன்று பிரஷர் ஸ்விட்சுகள் இருக்கின்றன. குறைந்தது இரண்டு, அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று சொன்னால் பர்னர் நிற்க வேண்டும். லாஜிக்கை எழுதிக் காட்டுங்கள்."

பிஎல்சி பயிற்சியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வரலாம். கேட்ட உடனே பலரும் AND, OR என்று மனக்கணக்காகச் சமன்பாடு எழுதப் போவார்கள். மூன்று உள்ளீட்டில் அது பலித்தும் விடும். நிபந்தனை கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் பலிக்காது. நிபந்தனை எப்படி இருந்தாலும் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. உண்மை அட்டவணையைப் போட்டு, அதைப் பார்த்தே சமன்பாட்டை எழுதிவிடுவதுதான் அது. அப்படிக் கிடைக்கும் வடிவத்துக்குப் பெயர் கேனானிக்கல் சம் ஆஃப் ப்ராடக்ட்ஸ், சுருக்கமாக எஸ்ஓபி.

மூன்றில் இரண்டு என்று ஏன் கேட்கிறார்கள்? ஒன்று சொன்னாலே நிறுத்துவது என்று வைத்தால், ஒரு ஸ்விட்ச் பழுதானாலும் ஆலை காரணமின்றி நிற்கும். மூன்றும் சொன்னால்தான் நிறுத்துவது என்று வைத்தால், ஒரு ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும் உண்மையான ஆபத்தில் பர்னர் நிற்காது. இரண்டுக்கும் நடுவே வைத்த ஏற்பாடு இது. களத்தில் இதை 'டூ அவுட் ஆஃப் த்ரீ' என்பார்கள். உண்மையான பாய்லரில் சான்று பெற்ற சேஃப்டி பிஎல்சி இந்த வேலையைச் செய்யும் என்றாலும், உள்ளே ஓடும் தர்க்கம் இதேதான்.

ஸ்விட்சுகளுக்கு A, B, C என்று பெயர் வைப்போம். 1 என்றால் 'அழுத்தம் மிஞ்சிவிட்டது', 0 என்றால் 'சரியாக இருக்கிறது'. F என்பது பர்னரை நிறுத்தும் ஆணை. மூன்று உள்ளீட்டுக்கு எட்டு வரிகள்:

```
வரி   A B C   F
 0    0 0 0   0
 1    0 0 1   0
 2    0 1 0   0
 3    0 1 1   1
 4    1 0 0   0
 5    1 0 1   1
 6    1 1 0   1
 7    1 1 1   1
```

யோசிக்க வேண்டிய வேலை இந்த F நெடுவரிசையோடு முடிந்துவிட்டது. 'இந்த நிலையில் பர்னர் நிற்க வேண்டுமா?' என்று ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கேட்டு, ஆம் என்றால் 1 போட்டிருக்கிறோம். மீதி எல்லாம் எழுத்தர் வேலை.

இப்போது மூன்றாம் வரியை மட்டும் பாருங்கள். அதில் A சுழியம், B ஒன்று, C ஒன்று. இந்த ஒரு நிலையில் மட்டும் 1 தந்து, மற்ற ஏழு நிலைகளிலும் 0 தரும் ஒரு பெருக்கல் நமக்கு வேண்டும். மதிப்பு 1 ஆக இருக்கும் எழுத்தை அப்படியே எழுதுங்கள். 0 ஆக இருக்கும் எழுத்துக்கு நாட் போடுங்கள். இங்கே A'BC கிடைக்கும். A' என்பது A-யின் எதிர்மதிப்பு. தாளில் எழுதும்போது A-யின் தலையில் கோடு போடுவோம். A=0, B=1, C=1 என்று போட்டால் 1·1·1 = 1. மூன்றில் எந்த ஒன்றை மாற்றினாலும் பெருக்கலில் எங்கோ ஒரு 0 விழும், விடையும் 0 ஆகிவிடும்.

இந்தப் பெருக்கலுக்குப் பெயர்தான் மின்டெர்ம். அதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. அதில் எல்லா உள்ளீட்டு எழுத்துகளும் இருக்கும். நேராகவோ நாட் போட்டோ ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரும். இன்னொன்று, அட்டவணையில் சரியாக ஒரே ஒரு வரியில்தான் அது 1 ஆகும். BC என்று மட்டும் எழுதினால் அதுவும் பெருக்கல்தான், ஆனால் மின்டெர்ம் இல்லை. A எதுவாக இருந்தாலும் அது 1 ஆகிவிடுவதால், மூன்றாம் வரியோடு ஏழாம் வரியையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

தொடக்கத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இது: F = 1 ஆன வரியில் A-யின் மதிப்பு 0 என்றால், A-யை விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். விடக்கூடாது. 'A அணைந்திருக்கிறது' என்பதும் ஒரு தகவல்தான், அதைத்தான் A' சொல்கிறது.

அதே முறையில் மற்ற மூன்று வரிகளுக்கும் எழுதினால் ஐந்தாம் வரி AB'C, ஆறாம் வரி ABC', ஏழாம் வரி ABC. நான்கையும் OR-இல் சேர்த்தால் வேலை முடிந்தது:

```
F = A'BC + AB'C + ABC' + ABC
```

ஏன் OR? அந்த நான்கு நிலைகளில் எது நேர்ந்தாலும் F ஒன்றாக வேண்டும். நான்கும் நான்கு வெவ்வேறு வரிகளுக்கு உரியவை என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு மின்டெர்ம்கள் 1 ஆகவே முடியாது. F சுழியமாக உள்ள வரிகளை எழுத வேண்டியதில்லை. எந்த மின்டெர்மும் அங்கே 1 ஆகாததால் கூட்டல் தானாகவே 0 ஆகிவிடும்.

இதையே சுருக்கி F(A,B,C) = Σm(3,5,6,7) என்றும் எழுதுவார்கள். எண்கள் வேறு எதுவும் இல்லை, ABC-யை இருமை எண்ணாகப் படித்தால் வரும் வரி எண்கள்தான். 110 என்றால் 6. இங்கே எழுத்துகளின் வரிசை முக்கியம். A இடது ஓரத்தில் இருப்பதால் அதற்கு மதிப்பு 4, B-க்கு 2, C-க்கு 1. உங்களோடு வேலை செய்பவர் C-யை இடது ஓரத்தில் வைத்துப் படித்தால் m6 அவருக்கு m3 ஆகிவிடும். நம் சார்பில் மூன்று ஸ்விட்சுகளுக்கும் சம உரிமை இருப்பதால் அந்தக் குழப்பம் வெளியே தெரியாது. வேறொரு சார்பில் கட்டாயம் தெரியும். எனவே Σ போடும்போது அடைப்புக்குறிக்குள் எழுத்து வரிசையையும் எழுதும் பழக்கம் நல்லது.

எழுதியது சரிதானா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். F நெடுவரிசையில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை மின்டெர்ம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்து இருக்க வேண்டும். பிறகு எட்டு வரிகளையும் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். கையால் போட அலுப்பாக இருந்தால் பைத்தானிடம் விடுங்கள்:

```
for n in range(8):
    A, B, C = n >> 2 & 1, n >> 1 & 1, n & 1
    F = ((not A and B and C) or (A and not B and C)
         or (A and B and not C) or (A and B and C))
    print(n, int(bool(F)))
```

பிழை பெரும்பாலும் நாட் கோட்டில்தான் இருக்கும். A'B' என்பதற்கு இரண்டு எழுத்துக்கும் மேலே ஒரே நீளக் கோடாக இழுத்துவிட்டால் அது (AB)' ஆகிவிடும். அதன் பொருள் A' + B'. கையெழுத்தில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

பிஎல்சியில் இந்த வடிவத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. லேடர் வரைபடத்தில் ஒரு மின்டெர்ம் என்பது தொடராக வைத்த மூன்று கான்டாக்ட். நாட் இல்லாத எழுத்துக்குத் திறந்த கான்டாக்ட், நாட் போட்ட எழுத்துக்கு மூடிய கான்டாக்ட். அப்படி நான்கு கிளைகளை இணையாகப் போட்டு, முடிவில் F என்ற காயிலை வைத்தால் சமன்பாடு அப்படியே லேடராகிவிடும். எந்தக் கிளை எந்த வரிக்கு என்று பார்த்த உடனே தெரியும் என்பதால் பழுது தேடுவதும் எளிது.

ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. களத்தில் பாதுகாப்பு ஸ்விட்சுகளைப் பொதுவாக நார்மலி குளோஸ்டாக இணைப்பார்கள். அழுத்தம் சரியாக இருக்கும்போது சுற்று மூடியிருக்கும், பிஎல்சிக்கு 1 வரும். அழுத்தம் மிஞ்சினால் சுற்று திறந்து 0 வரும். கம்பி அறுந்தாலும் 0 வரும் என்பதால், அறுந்த கம்பி ஆபத்து என்றே கணக்காகும். அதற்காகத்தான் இந்த இணைப்பு. ஆக, 1-இன் பொருள் தலைகீழாகிவிட்டது. இப்போது குறைந்தது இரண்டு 0 உள்ள வரிகளில்தான் F ஒன்றாக வேண்டும்:

```
F = Σm(0,1,2,4) = A'B'C' + A'B'C + A'BC' + AB'C'
```

கேட்ட தேவை ஒன்றுதான், சமன்பாடு முழுக்க வேறு. அட்டவணைக்கு மேலே '1 = சரி, 0 = மிகை அழுத்தம்' என்று ஒரு வரி எழுதாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பிஎல்சிக்கு வரும் சிக்னலுக்குத்தான் அட்டவணை, ஸ்விட்சின் பெயருக்கு இல்லை. நேர்முகத் தேர்வில் "இந்த ஸ்விட்சுகள் நார்மலி ஓப்பனா, நார்மலி குளோஸ்டா?" என்று முதலில் நீங்களே கேட்டுவிட்டால், வயரிங் தெரிந்தவர் என்பது எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும்.

அடுத்து எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: "இதைச் சுருக்க முடியுமா?" முடியும். முதல் சமன்பாட்டில் ABC-யை மூன்று முறை எழுதிக்கொள்ளலாம், ஏனெனில் X + X = X. ஒவ்வொரு பிரதியையும் மற்ற மூன்றில் ஒன்றோடு ஜோடி சேர்த்தால் A'BC + ABC = BC, AB'C + ABC = AC, ABC' + ABC = AB. விடை AB + BC + CA. வன்பொருளில் இந்தச் சிக்கனம் கண்ணுக்குத் தெரியும். முந்தைய வடிவத்துக்கு மூன்று இன்வெர்ட்டரும், மூன்று உள்ளீட்டு AND கேட் நான்கும், நான்கு உள்ளீட்டு OR ஒன்றும் வேண்டும். சுருக்கியதற்கு இரண்டு உள்ளீட்டு AND மூன்று, மூன்று உள்ளீட்டு OR ஒன்று போதும். கார்னா வரைபடமானாலும் க்வைன்-மெக்லஸ்கி முறையானாலும் தொடங்குவது மின்டெர்ம் பட்டியலில்தான். அதில் ஒரு எண் பிசகினால் சுருக்கிய விடையும் அழகாகப் பிசகும்.

இந்த வடிவத்துக்கு எல்லையும் உண்டு. உள்ளீடு ஒன்று கூடும்போது வரிகள் இரட்டிக்கும்: நான்குக்கு 16, பத்துக்கு 1024. அந்த அளவில் யாரும் கையால் எழுதுவதில்லை. 1 மிகுதியாக விழும் சார்பிலும் நீளம் உறுத்தும். 'மூன்று ஸ்விட்சும் ஒரே மாதிரி சொல்லாவிட்டால் பழுது அலாரம் அடிக்க வேண்டும்' என்று கேட்டால் 1 முதல் 6 வரை ஆறு மின்டெர்ம்கள் வரும். சுழியம் விழுவது 000, 111 என்ற இரண்டு வரிகளில் மட்டுமே. அப்போது அந்த இரண்டுக்கும் மின்டெர்ம் எழுதி, மொத்தத்துக்கும் ஒரு நாட் போட்டுவிடுங்கள்: F = (A'B'C' + ABC)'. அலாரம் லேடரில் இது இரண்டு கிளைகள் இயக்கும் ஒரு உள் காயிலும், F-க்கு முன் வைக்கும் அதன் மூடிய கான்டாக்டும்தான்.