காலி பண்ணும் முன் ஆணி ஓட்டையை அடைக்கணுமா? அக்கா சொல்றேன்

தங்கச்சி, கூத்தாநல்லூரில் வீட்டுக்காரர் பலர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். சாவி வாங்க வருவது அவருடைய மச்சானோ மாமாவோ. அவர் சுவரை போனில் படம் எடுத்து அனுப்புவார், அதைப் பார்த்துத்தான் அட்வான்ஸில் பிடித்தம் முடிவாகும். அந்தப் படத்தில் ஆணி ஓட்டையை விட, அதை அடைத்த இடத்தில் தெரியும் திட்டுதான் பளிச்சென்று கண்ணில் படும். அதனால் ஓட்டையை அடைப்பதோடு திட்டு விழாமல் அடைப்பதும் முக்கியம்.

முதலில் சுவர் என்ன சுவர் என்று பார்

உள்ளங்கையால் தேய்த்துப் பார். வெள்ளையாக மாவு ஒட்டினால் சுண்ணாம்பு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் துணியில் நிறம் ஏறினால் டிஸ்டம்பர். ஒன்றுமே ஒட்டாவிட்டால் எமல்ஷன். சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் தொட்டு வைத்தால் பிடிக்காது, சில வாரத்தில் செதிலாக உரிந்துவிடும்.

ஆணியைப் பிடுங்கும் விதம்

சுத்தியலைச் சுவரில் முட்டுக் கொடுத்து நெம்பினால் ஆணியோடு காரையும் பெயர்ந்து வரும். சுத்தியலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து நெம்பு. ஷெல்ஃபுக்கு டிரில் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அதில் ஸ்க்ரூவைப் பாதி முறுக்கி, ஸ்க்ரூவைக் குறட்டால் பிடித்து இழு. வராவிட்டால் அரை சென்டிமீட்டர் உள்ளே தட்டிவிட்டு மேலே அடைத்துவிடலாம்.

பட்டி பார்ப்பது

ஹார்டுவேர் கடையில் வெள்ளை சிமெண்ட் பட்டி ஒரு கிலோ வாங்கினால் போதும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுப் பிசை. இட்லி மாவை விடக் கெட்டியாக, தகட்டிலிருந்து வழியாமல் நிற்க வேண்டும். ஓட்டைக்குள் தூசியை ஊதிவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் உள்ளே தொட்டு வை. காய்ந்த காரை பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அடைப்பு சுருங்கி, ஓரத்தில் கோடு விழும்.

காலண்டர் ஆணி ஓட்டைக்கு ஒரே தடவை போதும். டிரில் ஓட்டையை முக்கால்வாசி அடைத்து, மறுநாள் மேல் பூச்சு கொடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய இன்னும் ஒரு நாள் ஆகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, அதுவரை பொறு. ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இழுத்துப் பூசுவதால்தான் திட்டு வருகிறது. சுற்றிலும் வழிந்ததை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடு. காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

பற்பசை வைத்து அடைக்கலாம் என்பார்கள். அது காயும்போது சுருங்கிவிடும், மேலே பெயிண்டும் சரியாக நிற்காது.

நிறம்

பட்டி பெயிண்டை உறிஞ்சும். பிரைமர் ஒரு தொடு கொடுக்காமல் அடித்தால் அந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். பழைய டப்பாவில் உள்ள நம்பரைச் சொல்லி வாங்கினாலும் நிறம் சேராது, சுவர் இதற்குள் வெளுத்திருக்கும். கதவுக்குப் பின்னால் நகம் அளவு பெயிண்ட் செதிலைப் பெயர்த்து, மிஷினில் கலர் கலக்கும் கடைக்கு எடுத்துப் போ. கலந்ததை முதலில் கதவு மறைவில் தொட்டு, காய்ந்தபின் பார்த்து முடிவு செய். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். சுண்ணாம்பு நேர்மாறு, ஈரத்தில் ஒன்றும் தெரியாது, காய்ந்தபின்தான் வெளுக்கும்.

ஹாலில் ஒரே சுவரில் ஐந்தாறு ஓட்டை இருந்து நிறமும் சேரவில்லை என்றால் தொட்டு வைக்காதே. அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை அடித்துவிடு. இரண்டு சுவர் சேரும் மூலையில் சின்ன நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கட்டில் தலைமாட்டில் தலை எண்ணெய்க் கறை இருந்தால் அதன்மேல் நேராகப் பெயிண்ட் அடிக்காதே, கறை மேலே ஊறி வரும். எமல்ஷன் சுவரானால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்துக் காயவிடு.

தொடக்கூடாத இடம்

சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அது உன் கணக்கில்லை. அதைப் பட்டியால் மூடினால் ஒரே மழையில் உப்பி உரியும், நீ கெடுத்ததாகவும் ஆகிவிடும். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. நீ உண்டாக்கிய சேதத்துக்குத்தான் பிடித்தம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தந்துவிட வேண்டும். ‘போகும்போது பெயிண்ட் அடித்துத் தரணும்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்று, பட்டி வாங்கும் முன்பே பத்திரத்தை எடுத்துப் படித்துவிடு.