கேமரா எங்கே நிற்க வேண்டும்?

பழைய குடும்பப் படங்களைச் சேர்த்து ஒரு சிறு வீடியோ செய்யும்போது பலரும் மென்பொருள் தானாகப் போடும் அசைவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது ஒரு படத்தில் உள்ளே போகும், அடுத்ததில் வெளியே வரும், இன்னொன்றில் தாத்தாவின் தலையை வெட்டிவிடும். அசைவு இருந்தாலே உணர்ச்சி வந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்றே என் அனுபவம் சொல்கிறது. கேமரா எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் உணர்ச்சி இருக்கிறது. அசையாப் படத்தின் மேல் கேமராவை நகர்த்தும் இந்த உத்திக்குத் தன் பெயரையே தந்த கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்' (1990) தொடரைப் பாருங்கள்; அதற்கும் முன்னோடியான கனடாவின் 'சிட்டி ஆஃப் கோல்ட்' (1957) குறும்படத்தையும் பாருங்கள். இரண்டிலும் கேமரா காரணத்தோடுதான் நகர்கிறது.

ஆறுக்கு நான்கு அங்குலக் கல்யாண குரூப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரத்து நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவரிடம் போய் நிற்க வேண்டும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் படத்தின் அகலம் 3600 பிக்சல். வீடியோவின் அகலம் 1920. ஆகவே படத்தின் பாதி அகலத்துக்குச் சற்று மேல் வரைதான் தெளிவு குறையாமல் நெருங்க முடியும். பாட்டியின் முகம் மட்டும் போதும் என்றால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். ஆனால் பிரிண்டிலேயே இல்லாத நுணுக்கத்தை ஸ்கேனர் கொண்டுவராது. சொரசொரப்பான தாளில் போட்ட பிரிண்டாக இருந்தால் தாளின் புள்ளிகள்தான் முகமெங்கும் தெரியும். அப்போது தோள்வரை நெருங்கி நிறுத்திக்கொள்வதே நல்லது. எட்டு விநாடி ஓடும் படத்தில் கடைசி இரண்டு விநாடி அசைவே வேண்டாம். முகத்தைப் பார்க்க அந்த அவகாசம் தேவை.

மெதுவாக நகர்ந்தால் படம் நடுங்குகிறதே என்பார்கள். உண்மைதான். மிக மெதுவான அசைவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அரை பிக்சல்கூட நகராது. சில மென்பொருள்கள் அதை முழுப் பிக்சலாக மாற்றுவதால் படம் விட்டுவிட்டுத் துள்ளும். கோடு போட்ட சட்டையிலும் புடவைக் கரையிலும் இது முதலில் தெரியும். 4கே அளவில் அசைவைச் செய்து, பிறகு வீடியோவைச் சிறிதாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேகத்தைக் கூட்டினாலும் நடுக்கம் மறையும், ஆனால் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மூன்று நிமிடப் பாட்டுக்கு இந்த வேகத்தில் இருபத்திரண்டு படங்கள்தான் அடங்கும். விட்டுப்போன உறவினர் வருந்த மாட்டாரா? வருந்துவார். அதற்காக நூறு படங்களை ஓடவிட்டால் ஒவ்வொருவரும் இரண்டு விநாடிக்கும் குறைவாகத்தான் தெரிவார். யாரையும் சரியாகப் பார்க்க முடியாது. குரூப் போட்டோக்களில் முழுப்படத்தை முதலில் காட்டிவிட்டு நெருங்கினால் பலருக்கும் இடம் கிடைக்கும். மிச்சப் படங்களைத் தனி ஆல்பமாகக் கொடுத்துவிடலாம்.

கேமரா எந்த முகத்தில் நிற்க வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது. ஸ்கேன் செய்வதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் பெட்டியைக் கொடுத்து, படத்தில் யார் யார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.