பீரோவுக்குள் பணம், அடகுக் கடையில் செயின்

கணக்கு விளங்குவதற்காக முடிச்சூரில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் வேலை. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். சம்பளம் வந்ததும் பணத்தைப் பிரித்துக் கவர்களில் போட்டு, மேலே பெயர் எழுதி பீரோவில் வைப்பது இருவருக்கும் பழக்கம். ஜனவரியில் எண்ணிப் பார்த்தால் ஸ்கூல் ஃபீஸ் கவரில் 32,000, நகைக் கவரில் 38,000, ஆஸ்பத்திரிக்கு 25,000, தீபாவளிக்கு 6,000, குலதெய்வத்துக்கு 9,000. ஆக மொத்தம் 1,10,000 ரூபாய்.

அதே வீட்டில் ஒரு அடகுச் சீட்டும் இருக்கிறது. நவம்பர் மழையில் தண்ணீர் உள்ளே வந்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் போய்விட்டன. புதிதாக வாங்க மனைவியின் செயினை 40,000 ரூபாய்க்கு வைத்தார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 800 ரூபாய். "கவர்லதான் பணம் இருந்ததே?" என்று தம்பி கேட்டதற்கு அக்காவின் பதில்: "அது எல்லாம் ஒவ்வொண்ணுக்குன்னு எடுத்து வச்சதுடா. ஃபிரிட்ஜுக்குன்னு கவர் ஏது?"

மனதுக்குள் பணத்துக்குப் பெயர் வைத்து, ஒரு பெயரில் இருப்பதை இன்னொன்றுக்குத் தொடாமல் இருக்கும் இந்தப் பழக்கத்தை மனக்கணக்குப் பிரிப்பு எனலாம். 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை விரிவாக ஆராய்ந்தவர். இது வெறும் அசட்டுத்தனம் அல்ல என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். பெயர் எழுதிய கவரைப் பிரிக்கக் கை கூசும். அந்தக் கூச்சம்தான் ஜூன் மாதம் ஃபீஸ் கட்டுகிறது. எனவே கவர்களைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

சிக்கல், ஒரு கவர் தூங்கும்போது வேறு பக்கம் வட்டி ஓடுவதில்தான். நகை வாங்கவென்று 38,000 சேர்த்து வைத்துக்கொண்டு, இருக்கிற நகையை அடகில் வைத்திருக்கிறார்கள். சும்மா கிடக்கும் பணத்தால் என்ன நஷ்டம் என்று கேட்டால் பலரும் சேமிப்புக் கணக்கு வட்டியைத்தான் சொல்வார்கள். 2.5 சதவீதம் என்றால் 40,000க்கு மாதம் 83 ரூபாய். போனால் போகட்டும் என்று தோன்றும். ஆனால் கைவிட்ட வாய்ப்பின் விலையை, அந்தப் பணம் செய்திருக்கக்கூடிய வேலைகளில் மிகச் சிறந்ததைக் கொண்டுதான் அளக்க வேண்டும். இந்த வீட்டில் அது செயினை மீட்பது. நஷ்டம் மாதம் 83 அல்ல, 800.

எந்தக் கவரைத் தொடுவது? ஒவ்வொன்றின் மேலும் பெயருக்குப் பக்கத்தில் 'எப்போது வேண்டும்' என்று ஒரு தேதி எழுதச் சொல்வேன். ஃபீஸுக்கு ஜூன். ஆஸ்பத்திரிக்கு எந்த ராத்திரியும். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது பத்து மாதம். நகைக் கவருக்குத் தேதியே இல்லை. ஆகவே நகைக் கவர் முழுவதையும், தீபாவளிக் கவரிலிருந்து 2,000 ரூபாயையும் எடுத்துச் செயினை மீட்கலாம். நிலுவை வட்டி இருந்தால் அந்த மாதச் செலவிலிருந்து கட்டிவிடுங்கள். பல கடைகளில் மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி கேட்பார்கள்; சீட்டில் உள்ள தேதியைப் பார்த்து அதற்கு முன்பே போவது நல்லது.

"எடுத்தா திரும்ப வைக்கவே மாட்டோம்" என்று மனைவி பயப்படுவார். நியாயமான பயம். எடுத்த தொகையையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதே கவருக்குள் போடுங்கள். வட்டிக்குப் போன 800 ரூபாயை அதே தேதியில் தொடர்ந்து எடுத்து, முதல் மூன்று மாதம் தீபாவளிக் கவரிலும், பிறகு நகைக் கவரிலும் வையுங்கள். கட்டிப் பழகிய தொகை என்பதால் புதிய பாரமாகத் தெரியாது.

அடுத்துதான் வங்கி. ஃபீஸ் பணம் 32,000ஐ ஐந்து மாத வைப்பில் போட்டால், 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 800 ரூபாய் வரும். அடகுக் கடைக்கு ஒரே மாதத்தில் போனது அது. கடனை முதலில் தீர்க்கச் சொல்வது இதனால்தான். அடகு நூற்றுக்கு இரண்டாக இல்லாமல் குறைந்த வட்டி வங்கி நகைக்கடனாக இருந்தால் இவ்வளவு அவசரம் இல்லை. ஆஸ்பத்திரிப் பணத்தில் 5,000 ரொக்கமாக இருக்கட்டும். மீதியை வைப்பில் முடக்காமல் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், ராத்திரி ஏடிஎம்மில் எடுக்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு, பீரோவின் கீழ்த்தட்டில் ரொக்கம் வைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

குலதெய்வக் கவரில் உள்ள 9,000க்குச் சேமிப்புக் கணக்கு வட்டி வருடத்துக்கு 225 ரூபாய். அதற்காக மாமியாரிடம் பேசப் போக வேண்டாம். அந்தக் கவர் அங்கேயே இருக்கட்டும்.