எதை வைப்பது? எதை விடுவது?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு தெரு. அங்கே சில வீடுகளில் குழாய்த் தண்ணீர் நாறியது. குடிநீர் வாரிய அதிகாரியிடம் முறையிட ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தாளில் தங்கள் குறையை எழுதி வந்தார்கள்.

அதிகாரி கொடுத்த நேரம் 5 நிமிடம். எல்லாத் தாள்களையும் படித்துப் பார்த்தார்கள். 10 நிமிடம் ஆனது. பாதியைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது?

தாள்களில் இருந்தவை இவை:

1. தண்ணீர் வரும் நேரம் தெரிவதில்லை.
2. கேன் தண்ணீருக்குப் பணம் செலவாகிறது.
3. குழாய் பழையது. சாக்கடையை ஒட்டிப் போகிறது.
4. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது.
5. தெருக்கோடியில் இரண்டு வீடுகளில் தண்ணீர் திறந்ததும் நாறுகிறது. கொஞ்ச நேரத்தில் தெளிகிறது.

கை தூக்கிப் பார்த்தார்கள். ஐந்தாம் தாள் வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

"ரெண்டு வீட்டுக்காக எல்லார் நேரமும் போகணுமா?" என்றாள் ஒருத்தி.

"அப்போ நான் எதுக்கு வரணும்?" என்று எழுந்தாள் கோடி வீட்டுப் பூக்காரி.

ஊதுபத்தி உருட்டும் அக்கா அவளை உட்கார வைத்தார். "இரும்மா. நாம என்ன கேட்கப் போறோம்? முதல்ல அதை எழுதுவோம்" என்றார்.

ஒரே வரி எழுதினார்கள்: "குழாய் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்."

பிறகு ஒவ்வொரு தாளையும் எடுத்தார்கள். "இது இல்லாமல் அந்த வேலை நடக்குமா?" என்று கேட்டார்கள்.

ஐந்தாம் தாளை எடுத்தபோது உண்மை புரிந்தது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. விரிசல் இருந்தால் சாக்கடை நீர் அதன் வழியே உள்ளே கசிகிறது. மறுபடி தண்ணீர் விடும்போது அதுதான் முதலில் வருகிறது. இரண்டு வீடுகளில் மட்டும் நாறினால், விரிசல் அந்த வீடுகளின் பக்கம் இருக்கலாம். எங்கே தோண்டிப் பார்ப்பது என்று சொல்வது அந்தத் தாள்தான்! அதை முதலில் வைத்தார்கள்.

மூன்றாம் தாளை அதோடு சேர்த்தார்கள். நான்காம் தாளை ஒரு வரியாக்கினார்கள். மருந்துச் சீட்டுகளை மனுவோடு இணைத்தார்கள். கேன் செலவை அதிகாரி கேட்டால் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தார்கள். அதை எழுதியவளே அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வரும் நேரம் வேறு கோரிக்கை. அதற்குத் தனி மனு எழுதினார்கள்.

மறுபடி கடிகாரம் பார்த்துப் படித்தார்கள். நாலரை நிமிடம்தான் ஆனது. கன்னடம் நன்றாகப் பேசுகிறவள் பேசுவதாக முடிவானது.

கோரிக்கை ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கேள்வி உதவும். கோரிக்கையிலேயே கருத்து வேறுபட்டால், முதலில் அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

குழாய் சரியாகும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடியுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. கை தூக்கி எடுத்த முடிவில் என்ன தவறு?
2. கேன் செலவுத் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை?
3. உங்கள் தெருவின் குறை ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள்.