மார்ச் 31 ஸ்டாக்கை விடலாமா? கஞ்சிக்கோட்டுக்கு ஒரு கணக்கு, புத்தடிக்கு ஒரு கணக்கு

மார்ச் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு குடோன் முழுவதையும் எண்ணியே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கம்பெனிகளின் தணிக்கை அறிக்கைக்கான 2020ஆம் ஆண்டு 'காரோ' உத்தரவு சில கேள்விகளைத்தான் கேட்கிறது. நிர்வாகம் நியாயமான இடைவெளிகளில் சரக்கை நேரில் சரிபார்த்ததா? எண்ணிய முறை பொருத்தமானதா? ஏதாவது ஒரு வகைச் சரக்கில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்ததா, வந்ததைக் கணக்கில் சரிசெய்தார்களா? ஆண்டு முழுக்கப் பிரித்துப் பிரித்து எண்ணும் சைக்கிள் கவுண்டுக்கு இதில் தடை எதுவும் இல்லை. ஆனால் எல்லாக் குடோனுக்கும் அது பொருந்துமா என்பது வேறு விஷயம். சரக்கு எந்த வழியில் குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கஞ்சிக்கோடு. வாளையாருக்கு இந்தப்பக்கம், தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நடுத்தரக் குடோன் என்று வைத்துக்கொள்வோம். 1,200 வகைப் பொருட்கள், ரேக் போட்ட இடம். இங்கே பொருள் திருடு போவதைவிட இடம் மாறிப்போவதுதான் அதிகம். 6205 பேரிங் இருக்க வேண்டிய தட்டில் 6206 கிடக்கும், கோவையிலிருந்து வந்த பெட்டியை இறக்கியிருப்பார்கள், பில் மறுநாள்தான் ஏறியிருக்கும். மார்ச்சில் எண்ணினால் ஒன்று கூடுதல், இன்னொன்று குறைவு என்று தெரியும். தவறு நடந்தது போன ஜூனிலா டிசம்பரிலா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கையை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தால், அதே தவறு ஏப்ரலில் மீண்டும் தொடங்கும்.

இங்கே அட்டவணை இப்படி அமையும். ஆண்டு விற்பனை மதிப்பில் பெரும்பங்கு கொண்ட 120 பொருட்களை மாதம் ஒருமுறை எண்ண வேண்டும். அடுத்த 240 பொருட்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மீதி 840ஐ ஆண்டுக்கு இரண்டுமுறை எண்ணினால் போதும். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 4,080 எண்ணிக்கை வரும். 300 வேலைநாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 14. பொருளுக்கு ஐந்து நிமிடம் என்றால் காலையில் ஒரு மணி பத்து நிமிடம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வேலை மிச்சம் என்று சொல்லித்தான் பலரும் இந்த முறையை விற்கிறார்கள், அது சரியல்ல. அதே ஐந்து நிமிடக் கணக்கில் ஆண்டு முழு ஸ்டாக்குக்கு 100 மணி நேரம் ஆகும், இதற்கோ 340 மணி நேரம். மிச்சமாவது குடோனை மூடும் நாட்களும் வெளியாட்களின் கூலியும்தான். அதற்கு மேல் கிடைக்கும் லாபம், தவறு நடந்த சில வாரங்களுக்குள், பில் கையில் இருக்கும்போதே அது அகப்படுவது.

தொடங்கும்போது 1,200இலும் கைவைக்க வேண்டாம். எல்லா வகையிலிருந்தும் ஐம்பது பொருட்களைப் பொறுக்கி, அவற்றையே சில வாரங்கள் திரும்பத் திரும்ப எண்ணுங்கள். இன்று சரியாக இருந்தது அடுத்த வாரம் மாறினால், இடைப்பட்ட நான்கைந்து பில்களில்தான் காரணம் இருக்கும், தேடுவது சுலபம். எண்ணும் நேரம் காலையில் முதல் வண்டி இறங்குவதற்கு முன்பாக இருக்கட்டும். முந்தின நாள் வந்த சரக்கும் போன சரக்கும் கணினியில் ஏறிவிட்டனவா என்று பார்த்த பிறகே தாளைக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் பொருளும் இடமும் மட்டும் இருக்கலாம், இருப்பு எண் இருக்கக்கூடாது. எண் கண்ணில் பட்டால் 48 இருந்தாலும் 50 என்று எழுதும் கை நம் எல்லோருக்கும் உண்டு. வித்தியாசம் வந்தால் இன்னொருவர் மறுபடி எண்ணட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு, காரணத்தைத் தேடிவிட்டுத்தான் கணக்கைத் திருத்த வேண்டும்.

முறை வேலை செய்கிறதா என்பதை ரூபாய் வித்தியாசத்தை வைத்து அளக்காதீர்கள். ஒரு பேரிங் 4,000 ரூபாய்க்குக் கூடி, இன்னொன்று 4,000 ரூபாய்க்குக் குறைந்தால் நிகர வித்தியாசம் பூஜ்யம், தவறோ இரண்டு. எண்ணிய பொருட்களில் எத்தனை சரியாக இருந்தன என்ற சதவீதமே உண்மையைச் சொல்லும். நட்டு போல்ட்டை எடை போட்டு, இரண்டு மூன்று சதவீதம் விட்டுக்கொடுக்கலாம். விலை உயர்ந்த பேரிங்கில் ஒன்றுகூட விடக்கூடாது.

இனி இடுக்கிப் பக்கம். வண்டன்மேடு, புத்தடி வட்டாரத்து ஏலக்காய்க் குடோனில் இதே அட்டவணையைப் போட்டால் பயன் இல்லை. பொருள் வகை சொற்பம், எல்லாமே விலை கூடியது. மேலே சொன்ன தரம்பிரிப்பு அங்கே அர்த்தமற்றது. அங்குள்ள சிக்கல் எடை. காய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 10 சதவீத ஈரத்தில் கட்டிய 50 கிலோ மூட்டையில் காய்ந்த பொருள் 45 கிலோ. மழைக்காலத்தில் ஈரம் 12 சதவீதம் ஆனால் அதே மூட்டை 51 கிலோவைத் தாண்டும். அதிலிருந்து யாராவது ஒரு கிலோ எடுத்துவிட்டால் தராசு ஒன்றும் காட்டாது, மூட்டை எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் உள்ளே வந்த நாளின் எடையோடு ஈர அளவையும் எழுதிவைப்பது கட்டாயம். வாரம் ஒருமுறை அட்டிகளின் மூட்டைகளை எண்ணி, பத்தில் ஒன்றை இறக்கி எடையும் ஈரமும் பார்த்து, காய்ந்த எடைக்கு மாற்றி ஒப்பிட வேண்டும்.

இதோடு லாட் முடியும்போது ஒரு கணக்கு: கடைசி மூட்டை வெளியேறும் நேரத்தில், வந்த எடை, போன எடை, மாதிரிக்கு எடுத்தது மூன்றையும் நேர்செய்துவிட வேண்டும். இடம் காலியாக இருப்பதால் எண்ணவே வேண்டியதில்லை. சைக்கிள் கவுண்டில் மிக மலிவானது இதுதான். புத்தடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்துக்குப் போகவேண்டிய விவசாயியின் காயும் உங்கள் சொந்தக் காயும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், இரண்டுக்கும் தனி அட்டி, தனித் தாள்.

இந்தக் குடோன்களில் முழு எடைபோடுதலை நான் முற்றிலும் கைவிடச் சொல்லமாட்டேன். அட்டியைப் பிரித்து அடுக்கச் சுமட்டுத் தொழிலாளர் கூலி உண்டு, சின்னத் தொகை அல்ல. அதனால் புதுக் காய் வருவதற்கு முன், இருப்பு மிகக் குறைந்த கோடை நாட்களில் ஒருமுறை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட வரவைக் கழித்து, செலவைக் கூட்டி மார்ச் 31 இருப்புக்குப் பின்னோக்கிப் போகலாம். கஞ்சிக்கோட்டு உதிரிபாகக் குடோனில் அந்த ஒருமுறையும் தேவைப்படாமல் போகலாம்.

எந்த வழியானாலும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இருப்பு பெரிய தொகையாக இருந்தால் எண்ணும்போது அவரும் வந்து பார்க்க வேண்டியிருக்கும். தினசரித் தாள்களும் திருத்தங்களுக்கான காரணங்களும் கோப்பில் இல்லையென்றால், மார்ச் 31 அன்று முழுதும் எண்ணச் சொல்வார். சொல்வதில் நியாயமும் உண்டு. பற்றாக்குறையைத் தள்ளுபடி செய்தால், ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பவேண்டும். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை வந்த இந்த வேலை இனி மாதாமாதம் வரும். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் அறிக்கையும் திருத்திய இருப்போடு ஒத்துப்போக வேண்டும், ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள கம்பெனிகளில் ஆடிட்டர் இதைத் தனியாகவே பார்ப்பார்.

முதல் ஆண்டு இரண்டு முறையும் சேர்ந்தே ஓடட்டும். அந்த மார்ச்சில் முழுதும் எண்ணும்போது, சைக்கிள் கவுண்ட் சரியென்று சொன்ன பொருட்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தவறினால் அடுத்த மார்ச்சிலும் ஷட்டரை இறக்குங்கள். தவறியவை ஒரே ரேக்கிலோ ஒரே ஆள் எண்ணிய தாள்களிலோ குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.