முலைப்பாலூட்டும் காலத்தில் கர்ப்பத்தடை

“பால் கொடுக்கும் வரையில் கர்ப்பந் தரியாது” என்று கிராமத்து ஸ்திரீகள் கூறுவதில் பாதி உண்மை உண்டு. குழந்தைக்கு 6 மாதம் நிறையாமலும், இரவும் பகலும் தாய்ப்பாலன்றி வேறு ஆகாரம் கொடாமலும், தாய்க்கு மாதவிலக்குத் திரும்பாமலும் இருப்பின், 100 பேரில் இருவருக்கு மேல் கருத்தரிப்பதில்லை. இம்மூன்றில் ஒன்று தவறினும் அப்பாதுகாப்பை நம்பலாகாது. முதல் விலக்குக்கு முன்னரே கருமுட்டை வெளிப்படக்கூடுமாதலால், விலக்கு வரட்டுமென்று காத்திருத்தலும் பிழையே.

4 மாதக் குழந்தையுள்ள ஒருத்தி நடவு வேலைக்குச் செல்கிறாள். பகலில் மாமியார் கேழ்வரகுக் கூழ் புகட்டுகிறார் என்று கொள்வோம். மருத்துவச்சி மாமியாரைக் குறைகூறாது, அப்பெண்ணுடன் தனித்து அமர்ந்து, “அடுத்த குழந்தை எப்பொழுது வேண்டுமென்று எண்ணுகிறீர்கள், அம்மா?” என வினவ வேண்டும். அவள் இசைந்தால் மட்டுமே கணவனையும் அழைத்துப் பேசலாம். ஆணுறை, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, 10 ஆண்டு வரை பயன்தரும் காப்பர்-டி ஆகியன பாலைக் குறைப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை ஏற்றதன்று. ஊசியால் விலக்கு ஒழுங்கு மாறுமென்றும், காப்பர்-டியால் உதிரப்போக்கு மிகலாமென்றும் முன்னதாகவே சொல்லாவிடில், அவள் அஞ்சி நடுவில் நிறுத்திவிடுவாள். அன்றே முடிவு சொல்லும்படி நெருக்கலாகாது. முடிவு செய்யும் வரையில் ஆணுறை கொடுத்து அனுப்பலாம்.