எலுமிச்சை சந்தகைக்கு மெனு அட்டை வரி

வீரபாண்டி போன்ற பனியன் கம்பெனிப் பகுதியில் சைவ உணவகம் ஒன்று எலுமிச்சை சந்தகையைப் புதிதாகச் சேர்த்தால், அட்டையில் இப்படி எழுதலாம்:

"எலுமிச்சை சந்தகை – ₹60 (வரி உட்பட). புழுங்கல் அரிசி, எலுமிச்சைச் சாறு, நிலக்கடலை, கடலைப்பருப்பு, கடலையெண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம். ஒவ்வாமை: நிலக்கடலை, கோதுமை."

அரிசிப் பலகாரத்தில் கோதுமை எங்கிருந்து வந்தது? பெருங்காயத்திலிருந்துதான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். அரிசி மாவு கலந்த வகைக்கு மாறினாலும், வேறு வழியாகக் கோதுமை சேர வாய்ப்பில்லாதபோது மட்டும் அந்தச் சொல்லை நீக்கலாம்.

நிலக்கடலையைத் தனியாக ஒதுக்கி வைத்துப் பரிமாறினாலும் ஒவ்வாமை உள்ளவருக்குப் பயனில்லை. கரண்டியும் தாளிப்பு எண்ணெயும் பொதுவாகவே இருக்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள், மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தோ அதற்கு மேலோ கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்கச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் நிலக்கடலை, பால், சோயா உண்டு, எள் இல்லை. ஆனாலும் எள்ளுப்பொடி தூவினால் எழுதிவிடுவதே நல்லது.